120 ஓலைக்கூடை கடல் கடக்க

ஜெர்மனியில் சின்னதாக வீட்டு அலங்காரக் கடை வைத்திருப்பவர் யாரும் ஒரு கன்டெய்னர் நிறையக் கூடை வாங்குவதில்லை. நூறு கூடை கேட்பார், நூற்றைம்பது கேட்பார். விற்றால் மறுபடி எழுதுவார். பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் இந்த அளவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மணப்பாட்டுப் பனையோலைப் பெட்டி முடைகிறவர்களுக்கும், செட்டிநாட்டுக் கொட்டான் பின்னுகிறவர்களுக்கும் தோதான அளவு இதுதான். ஆனால் ஒரு கன்டெய்னருக்குக் கேட்கிற அடிப்படைக் காகிதங்களை நூறு கூடைக்கும் கேட்பார்கள். அங்கே ஏற்படுகிற நஷ்டம் ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கில் கரைந்துவிடும். இங்கே அது ஒரு குழுவின் இரண்டு மாதக் கூலி.

எடுத்துக்காட்டாக ஓர் ஆர்டரைக் கற்பனை செய்து, அதன் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம். தூத்துக்குடிக் கடலோரத்தில் பதினைந்து பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு முடைதல் குழு. ஹாம்பர்க்கில் ஒரு கடைக்காரர். கேட்பது 120 கூடை. ஒவ்வொன்றும் வாய் அகலம் 30 சென்டிமீட்டர், உயரம் 25. கூடை ஒன்று 700 ரூபாய் என்று பேசினால், சரக்கின் மதிப்பு 84,000 ரூபாய்.

விலையை விழுங்கும் வெற்றிடம்

இந்த ஆர்டரில் முதலில் பார்க்க வேண்டியது பெட்டிக்குள் அடைபடும் காற்று. விமானக் கூரியர் நிறுவனங்கள் பொருளின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். அந்த எண்ணோ தராசு காட்டும் எடையோ, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

60-க்கு 60-க்கு 50 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டி ஒன்றின் கணக்கு எடை 36 கிலோ. நேர்ச்சுவர் வைத்த உருளைக் கூடையானால் அதில் எட்டுதான் அடங்கும். 120 கூடைக்கு 15 பெட்டி, மொத்தம் 540 கிலோ. உண்மையில் ஒரு கூடை 300 கிராம்கூட இருக்காது.

அதே கூடையின் அடியைச் சற்றுக் குறுக்கி, வாயை விரித்து முடைந்தால் டம்ளர்போல ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். அடுத்தடுத்த கூடை ஐந்து சென்டிமீட்டர்தான் மேலே நிற்கிறது என்றால், ஓர் அடுக்கில் ஆறு, ஒரு பெட்டியில் 24. ஐந்தே பெட்டியில் 120 கூடையும் அடங்கிவிடும். கணக்கு எடை 180 கிலோ. கிலோவுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் வடிவத்துக்குக் கூரியர் செலவு 2,16,000 ரூபாய். இரண்டாவதற்கு 72,000. முடையும் கைக்கு வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆர்டர் நிற்பதும் விழுவதும் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

72,000 என்பதும் சரக்கின் விலையை நெருங்குகிற தொகைதான். அதனால் கடைக்காரர் கடல்வழியைக் கேட்கக்கூடும். ஐந்து பெட்டி சேர்ந்தால் 0.9 கனமீட்டர். மற்றவர்களின் சரக்கோடு சேர்த்து ஒரே கன்டெய்னரில் அனுப்பலாம். கடல் கட்டணம் குறைவாகவே தெரியும். ஆனால் அந்தப் பக்கத் துறைமுகத்தில் சரக்கைப் பிரித்து எடுக்கும் செலவு, முகவர் கூலி எல்லாம் வாங்குபவர் தலையில் விழும். அதை முன்பே தன் ஊர் முகவரிடம் விசாரிக்கச் சொல்வது நல்லது. விசாரிக்காமல் ஒப்புக்கொள்பவர், பில் வந்ததும் சரக்கை எடுக்காமல் விட்டுவிடுவதும் உண்டு.

மாதிரிக்கும் விலை உண்டு

வெளிநாட்டிலிருந்து வரும் முதல் மின்னஞ்சல் பெரும்பாலும் இலவச மாதிரி கேட்டுத்தான் வரும். அனுபவமுள்ளவர்கள் மாதிரிக்கும் அதன் கூரியருக்கும் பணம் வாங்கிவிடுவார்கள். ஆர்டர் உறுதியானால் மாதிரி விலையைக் கழித்துக்கொள்வதாகச் சொல்வார்கள். கூடை ஒன்றுக்கும் அதன் கூரியருக்கும் பணம் அனுப்ப மனமில்லாதவர் 120 கூடைக்கு அனுப்புவார் என்று நம்ப இடமில்லை. சும்மா மாதிரி சேர்ப்பவர்கள் இந்தக் கட்டத்திலேயே விலகிவிடுவார்கள்.

ஒரே கையால், ஒரே சாயத்தில் மூன்று மாதிரி செய்ய வேண்டும். ஒன்று வாங்குபவருக்குப் போகும். இன்னொன்று தேதி எழுதிய அட்டையோடு குழுவின் அலமாரியில் இருக்கும். மூன்றாவது முடையும் இடத்தில், எல்லோரும் எடுத்துப் பார்க்கிற மாதிரி தொங்கும். வாங்குபவர் ஒப்புக்கொண்டதும் அளவு, எடை, சாயம், கைப்பிடி வகை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, படத்தோடு அனுப்பி, அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். கைவேலை என்பதால் அளவில் ஒரு சென்டிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம், குருத்தோலையின் நிறம் மரத்துக்கு மரம் மாறும் என்பதையும் அதே பக்கத்தில் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு "நான் கேட்டது இது அல்ல" என்று யாராவது சொன்னால், இந்த ஒரு பக்கமும் அலமாரியில் இருக்கும் கூடையும்தான் சாட்சி.

இங்கே பொதுவாக நடக்கிற தவறு, குழுவில் நன்றாக முடைபவர் மட்டும் மாதிரியைச் செய்வது. 120 கூடையைப் பதினைந்து பேர் முடைவார்கள். அவர்களில் நடுத்தரக் கைத்திறனுள்ளவர் செய்ததே மாதிரியாகப் போக வேண்டும். சிறந்த கூடையை அனுப்பிவிட்டால் மீதி 119-ம் குறையுள்ளவையாகவே தெரியும்.

பனையோலையில் இன்னொரு கண்ணி ஈரம். குருத்தோலையை வெட்டிக் காயவைத்து, வகிர்ந்து, சாயத்தில் கொதிக்கவைத்து, மறுபடி உலர்த்தித்தான் முடைகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த இரண்டாவது உலர்த்தல் முழுதாகாது. கைக்குக் காய்ந்ததுபோலத் தெரியும் ஓலை, மூடிய பெட்டிக்குள் நாற்பது நாள் கடலில் இருந்தால் பூசணம் பிடித்து இறங்கும். சந்தேகம் இருந்தால் ஒரு கூடையைக் கண்ணாடிபோன்ற பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி ஒரு பகல் வெயிலில் வைத்துப் பார்க்கலாம். பையின் உட்புறத்தில் நீர்த்துளி கோத்தால் இன்னும் காய வேண்டும். கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கேட்பவரிடம், மழை தொடங்குவதற்கு முன்பே, ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ சரக்கு கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லித்தான் தேதி தர வேண்டும்.

காகிதங்கள் எவை, ஏன்?

ஏற்றுமதிக்கு அடிப்படை ஐஇசி எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி எடுக்கலாம். பான் எண்ணே குறியீடாக அமையும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் விவரங்களை உறுதிசெய்யாவிட்டால் அது முடங்கிவிடும். சரக்கைக் கட்டிவைத்த பிறகு அது முடங்கியிருப்பதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. அடுத்தது வங்கி தரும் ஏடி கோடு. எந்த வங்கிக் கிளை வழியாக அந்நியச் செலாவணி வரும் என்பதைச் சுங்கத்துறைக்குச் சொல்லும் எண் அது. மூன்றாவது ஜிஎஸ்டி. வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எல்யுடி என்னும் உறுதிமொழியை இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதன் ஆயுள் ஒரு நிதியாண்டுதான். ஏப்ரல் பிறந்தால் புதிது.

இவை ஒருமுறை எடுத்து ஆண்டுதோறும் புதுப்பிப்பவை. ஒவ்வொரு சரக்குக்கும் தனியாக வேண்டியவை இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்க அறிவிப்பு ஆகிய மூன்று. கூரியரில் அனுப்பும் வணிகச் சரக்குக்கான அறிவிப்பின் பெயர் CSB-V. சிறிய ஏற்றுமதியாளர்கள் ஏமாறும் இடம் இது. உள்ளூர் கூரியர் முகவர் சிலர் வேலை சுலபம் என்று CSB-IV என்ற இன்னொரு படிவத்தில் "அன்பளிப்பு" அல்லது "மாதிரி" என்று போட்டு அனுப்பிவிடுவார்கள். அந்தப் படிவம் பணம் கைமாறாத பொருளுக்கானது. கூடை ஹாம்பர்க் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அரசின் பதிவேட்டில் ஏற்றுமதியே நடக்கவில்லை. வங்கிக்கு வந்த பணத்துக்கு ஈடாகக் காட்ட ஆவணம் இருக்காது. ஜிஎஸ்டியில் ஏற்றுமதி என்று கணக்குக் காட்டவும் முடியாது. தப்பிக்க வழி எளிது. பெட்டியை எடுத்துப்போன மறுநாளே CSB-V நகலைக் கேட்டு வாங்கி, அதில் தன் ஐஇசி எண், ஜிஎஸ்டி எண், இன்வாய்ஸ் எண், தொகை நான்கும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிய மாதிரியும் விற்பனைதான். அதையும் அன்பளிப்பாகக் காட்டக்கூடாது. இதில் ஒரு லாபம் உண்டு. ஒற்றைக் கூடையை முறைப்படி அனுப்பும்போதே, ஏடி கோடு பதிவாகவில்லை, இன்வாய்ஸில் முகவரி பொருந்தவில்லை என்பதுபோன்ற சிக்கல்கள் வெளியே வந்துவிடும். இந்த அளவுக்கு அஞ்சல் துறையும் உதவும். 2022 முதல் பல தபால் நிலையங்களில் இயங்கும் டாக் கர் நிர்யாத் கேந்திராவில் அஞ்சல்வழி ஏற்றுமதி அறிவிப்பை இணையத்திலேயே தாக்கல் செய்து பார்சலை ஒப்படைக்கலாம்.

இன்வாய்ஸில் பொருளின் விவரம் "கைவினைப் பொருள்" என்று மொட்டையாக இருக்கக்கூடாது. "பனையோலையால் கையால் முடைந்த கூடை, 120 எண்ணம்" என்று ஆங்கிலத்தில் எழுதி, 4602 19 என்ற சுங்க வகைப்பாட்டு எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் அந்தப் பக்கத்தில் வரி கணக்கிடுவார்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், CSB-V மூன்றிலும் எண்ணிக்கை, எடை, தொகை ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்றில் 118, இன்னொன்றில் 120 என்றிருந்தால் சரக்கு சுங்கத்தில் நின்றுவிடும்.

ஓலை என்பதால் இறக்குமதி நாட்டின் தாவரப் பாதுகாப்பு விதியும் குறுக்கே வரும். ஆஸ்திரேலியா இதில் மிகக் கண்டிப்பு. பூச்சியோ விதையோ மண்ணோ தென்பட்டால், வாங்குபவர் செலவில் சுத்திகரிப்பார்கள், இல்லையேல் அழிப்பார்கள். தன் நாட்டில் என்ன சான்றிதழ் கேட்கிறார்கள் என்று வாங்குபவரே விசாரித்து எழுத்தில் தருவது வழக்கம். தேவைப்பட்டால் தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையத்தில் சரக்கைச் சோதிக்கச் செய்து சான்றிதழ் வாங்கலாம். அட்டைப்பெட்டிக்குப் பதில் மரச்சட்டத்தில் கட்டினால், அந்த மரம் 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டதற்கான முத்திரை அதில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 13 முதல் அமலில் இருக்கும் பொருள் பாதுகாப்பு விதிப்படி, செய்தவர் பெயர், முகவரியோடு அங்குள்ள இறக்குமதியாளர் பெயர், முகவரியும் பொருளோடு வர வேண்டும். ஒரு சின்ன அட்டையில் அடித்துக் கூடையில் கட்டிவிட்டால் போதும்.

ஓலைக்கு வராத சிக்கல் வேறு பொருளுக்கு வரும். சுவாமிமலை ஐம்பொன் சிலை புதிதாகவே வார்த்ததானாலும், அது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறை சான்று தர வேண்டும். ஈட்டி மர வேலைக்கு, மரம் சட்டப்படி வந்தது என்பதற்கான விருக்‌ஷ் சான்றைக் கைவினைப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுமம் தருகிறது.

பணம் எப்போது, எந்த வழியில்?

84,000 ரூபாய் ஆர்டருக்குப் பணம் வாங்கப் பல வழிகள் காகிதத்தில் உண்டு. லெட்டர் ஆஃப் கிரெடிட் பாதுகாப்பானது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதைத் திறக்க ஒரு கட்டணம், தெரிவிக்க ஒரு கட்டணம், ஆவணத்தில் ஓர் எழுத்து மாறினால் அதற்கொரு கட்டணம். இந்தத் தொகைக்கு அது கட்டாது.

அடுத்து, "ஆவணத்தை உங்கள் வங்கி வழியாக அனுப்புங்கள், பணம் கட்டி எடுத்துக்கொள்கிறேன்" என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். கடல்வழியில் அது ஓரளவு நியாயமும்கூட. கப்பல் நிறுவனம் தரும் மூல பில் ஆஃப் லேடிங் சரக்கின் உரிமைப் பத்திரம். அது கையில் இல்லாதவர் சரக்கை எடுக்க முடியாது. விமானத்திலும் கூரியரிலும் கதை வேறு. ஏர்வே பில் வெறும் ரசீது. அதில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் பெட்டியைக் கொடுத்துவிடுவார்கள். ஆவணம் வங்கியில் தூங்கிக்கொண்டிருக்கும். கூடை கடையில் விற்றுக்கொண்டிருக்கும். கூரியரில் அனுப்பும் சரக்குக்கு இந்த முறையை ஏற்றால், கடனுக்குக் கொடுத்ததற்குச் சமம்.

ஆக இந்த அளவுக்கு நடைமுறையில் நிற்பது இரண்டு தவணை. ஓலை வெட்டுவதற்கு முன் பாதி, 42,000 ரூபாய். ஓலை, சாயம், முதல் வாரக் கூலி எல்லாம் இதில் அடங்கும். மீதிப் பாதி, கூடைகள் முடிந்து பெட்டியில் ஏறிய பிறகு, கூரியர்காரர் வருவதற்கு முன். வாங்குபவருக்கும் பயம் இருக்கும். பாதிப் பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் அவர். அவர் நம்புவதற்கு, மாதிரிக் கூடையைப் பக்கத்தில் வைத்து எடுத்த படங்கள், பெட்டி அடுக்கும் வீடியோ, ஒவ்வொரு பெட்டியின் எடை போட்ட பேக்கிங் லிஸ்ட் மூன்றையும் அனுப்பலாம். அப்படியும் தயங்குபவருக்கு முதல் ஆர்டரை 40 கூடையாகக் குறைத்துக்கொள்ளச் சொல்லலாம். பணத்தைப் பின்னால் தள்ளுவதைவிட அளவைக் குறைப்பது இருவருக்கும் நல்லது.

வங்கி வழியாகப் பணம் வரும்போது இடையிலுள்ள வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அனுப்புபவர் கட்டண விருப்பத்தில் OUR என்பதைத் தேர்ந்தெடுத்தால் செலவு அவருடையது. இதை இன்வாய்ஸிலேயே எழுதிவிட வேண்டும். சரக்குக்கு முன் வரும் தொகை என்பதால் வங்கியிடம் சொல்ல வேண்டிய காரணக் குறியீடு P0103. மாதிரிக்கான சிறு தொகைக்கு வங்கிக் கட்டணமே பாதியைத் தின்றுவிடும். அதற்கு ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற எல்லை கடந்த பணப்பரிமாற்ற நிறுவனங்கள் சிக்கனம். பேபால் வசதியானதுதான், ஆனால் பணம் செலுத்தியவர் 180 நாள்வரை புகார் கொடுக்க முடியும். வந்த பணம் திரும்பிப் போகலாம் என்பதை மறந்துவிடக்கூடாது. புகார் வந்தால் சம்மதம் வாங்கிய அந்த ஒரு பக்கமும், பெட்டி சேர்ந்ததற்கான கூரியர் பதிவும் கைகொடுக்கும்.

மோசடிக்காரர்கள் இங்கே வழக்கமாகச் செய்வது, பணம் அனுப்பியதாக வங்கி ரசீதின் படத்தை அனுப்பி, "இன்றே சரக்கை அனுப்பிவிடுங்கள்" என்று அவசரப்படுத்துவது. படத்தை யாரும் செய்யலாம். தன் கணக்கில் தொகை வரவாகி, வங்கி வரவுச் சான்று தந்த பிறகுதான் பெட்டி நகர வேண்டும். இன்னொன்று அதைவிட நுட்பமானது. குழுவின் மின்னஞ்சலுக்குள் யாரோ புகுந்து, வாங்குபவருக்கு "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று எழுதுவார். கடைக்காரர் உண்மையாகவே பணம் அனுப்புவார். அது வேறெங்கோ போகும். கணக்கு எண் மாறியதாக மின்னஞ்சல் வந்தால் தொலைபேசியில் பேசி உறுதிசெய்யாமல் அனுப்ப வேண்டாம் என்று முதல் இன்வாய்ஸிலேயே எழுதிவைப்பது நல்லது.

இறக்குமதி வரி யார் கணக்கில்?

விலை பேசும்போது விட்டுப்போகிற கேள்வி இது. 2025 ஆகஸ்ட் 29 வரை அமெரிக்காவுக்கு 800 டாலர்வரை மதிப்புள்ள பார்சல்கள் வரியில்லாமல் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சலுகையை அமெரிக்கா அன்றோடு எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. வரியை யார் வசூலிப்பது என்ற முறை தெளிவாகாததால் இந்திய அஞ்சல் துறை அமெரிக்கப் பார்சல்களை நிறுத்திவைத்து, அக்டோபர் 15 முதல் வரியை இங்கேயே, பதிவுசெய்யும்போதே வாங்கும் ஏற்பாட்டோடு மறுபடி தொடங்கியது. வரி பற்றி ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் விற்றவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் இடையே அப்போது எழக்கூடிய தகராறு எளிதில் ஊகிக்கக்கூடியது.

இன்வாய்ஸில் மூன்றெழுத்து இதைத் தீர்த்துவிடும். DAP என்று போட்டால் விற்பவர் கடைவாசல்வரை அனுப்புவார், இறக்குமதி வரி வாங்குபவருடையது. DDP என்றால் வரியும் விற்பவர் தலையில். கூடை முடையும் குழு ஜெர்மனியின் வரிக்குப் பொறுப்பேற்க வழியில்லை. DAP, ஹாம்பர்க் என்று எழுதி, கூரியர் தொகையைத் தனி வரியாகக் காட்டினால் கடைக்காரருக்கும் கணக்குப் புரியும்.

பெட்டி போன பிறகு

ஏற்றுமதிப் பணம் நாட்டுக்குள் வருவதற்கு ரிசர்வ் வங்கி வைத்திருந்த கெடு 9 மாதம்; 2025 நவம்பரில் அது 15 மாதமாக நீட்டப்பட்டது. முழுப் பணமும் முன்பே வந்துவிட்ட இந்த ஆர்டரில் அந்தக் கெடு பற்றிக் கவலையில்லை. ஆனால் வந்த பணத்தையும் போன சரக்கையும் வங்கியின் கணினியில் இணைத்தாக வேண்டும். CSB-V, இன்வாய்ஸ், ஏர்வே பில் மூன்றையும் வங்கியில் கொடுத்து, இரண்டு தவணை வரவுக்கு எதிராகப் பதிவை முடிக்கச் சொல்ல வேண்டும். 10 லட்சம் ரூபாய்க்குள்ளான பில்களுக்கு, ஏற்றுமதியாளரின் எழுத்துமூல அறிவிப்பையே ஏற்று முடிக்க 2025 அக்டோபர் முதல் வங்கிகளுக்கு அனுமதி உண்டு. முடிக்காமல் விட்ட பதிவுகள் சேர்ந்துகொண்டே போனால், பின்னாளில் கடன் கேட்கும்போதோ வங்கி மாறும்போதோ அவை ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும்.

ஹாம்பர்க்காரர் அடுத்த ஆறு மாதத்தில் இரண்டு முறை ஒழுங்காகப் பணம் அனுப்பி வாங்கினால், மூன்றாவது முறை முப்பது நாள் கடன் கேட்பார். அப்போது இசிஜிசி எனப்படும் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனத்தின் சிறு ஏற்றுமதியாளர் பாலிசி இருக்கிறது. பாலிசி எடுத்து, அந்தக் கடைக்காரரின் பெயரில் கடன் வரம்பு கேட்டால், நிறுவனம் அவருடைய நிலையை விசாரித்து எவ்வளவுவரை காப்பீடு தரும் என்று சொல்லும். அந்த வரம்பு 50,000 ரூபாய் என்று வந்தால், 84,000 ரூபாய்ச் சரக்கில் 34,000-ஐ முன்பணமாகவே வாங்கிக்கொண்டு மீதியைக் கடனாக விடலாம்.